பழைய குடும்பப் படங்களை ஏஐ ஆப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பழைய படங்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் வேலை. வீட்டு வளவில் மாட்டியிருக்கும் படங்கள், ரங்கூன், பினாங்கு ஸ்டூடியோக்களில் எடுத்து அட்டையில் ஒட்டி ஊருக்கு அனுப்பிய படங்கள், அறுபதாம் கல்யாணச் சாந்திப் படங்கள் எல்லாம் வரும். இப்போது பலர் அதே படத்தை ஏதாவது ஒரு ஏஐ ஆப்பில் கலர் ஆக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். வந்ததும் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

தம்பி, எங்க ஐயா படத்தை மொபைல்லயே புடிச்சு ஆப்ல போட்டேன். அஞ்சு செகண்டுல கலர் ஆயிருச்சு. அந்தப் படம் என் போனை விட்டு வெளிய போச்சா?

பெரும்பாலும் போயிருக்கும். கலர் போடுவது, முகத்தைத் தெளிவாக்குவது போன்ற வேலைகளைப் பெரும்பாலான இலவச ஆப்கள் தங்கள் சர்வரில்தான் செய்கின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வேறொரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். நெட் இல்லை என்று ஆப் நின்றுவிட்டால், வேலை நடப்பது சர்வரில். நெட் இல்லாமலேயே கலர் வந்துவிட்டால், வேலை போனுக்குள் நடக்கிறது. ஆனால் நெட் திரும்ப வந்ததும் அது எதையும் அனுப்பாது என்பதற்கு இந்தச் சோதனை உத்தரவாதம் இல்லை. அதற்குப் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும்.

சர்வருக்குப் போன படம் ஒரே பிரதியாகவும் இருப்பதில்லை. நீங்கள் ஏற்றிய படம் ஒன்று, கலர் போட்டு வந்த படம் ஒன்று, பட்டியலில் காட்டுவதற்குச் சின்னப் படம் ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் பேக்கப் என்று நான்கைந்து இடத்தில் இருக்கலாம். படத்தை அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்போது இதில் எதை அழித்தார்கள் என்பதுதான் விஷயம்.

அவங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்கறதும் ட்ரெய்னிங்குக்கு எடுக்கறதும் ஒண்ணுதானே?

இல்லை. வைத்திருப்பது என்றால் ஒரு கோப்பாக இருப்பது. கோப்பை அழிக்கலாம். ட்ரெய்னிங் என்றால், லட்சக்கணக்கான படங்களோடு சேர்த்து உங்கள் படத்தையும் ஏஐயின் மூளையான மாடலுக்குக் காட்டி, அதன் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது. முடிந்தபின் மாடலுக்குள் உங்கள் படம் கோப்பாக உட்கார்ந்திருப்பதில்லை. அதனால்தான் அதை மட்டும் பிய்த்து எடுக்கவும் முடிவதில்லை.

இரண்டும் தனித்தனியாக நடக்கலாம். ஆல்பமாகச் சேமித்துக் கொடுக்கும் ஒரு சேவை படங்களை வருஷக்கணக்கில் வைத்திருந்தும் ட்ரெய்னிங்குக்குத் தொடாமல் இருக்கலாம். இன்னொன்று முப்பதே நாளில் அழித்துவிடலாம், ஆனால் அந்த முப்பது நாளுக்குள் ட்ரெய்னிங்குக்கு எடுத்திருக்கலாம். ஆகவே "எத்தனை நாள் வைப்பீர்கள்?" என்பது ஒரு கேள்வி, "மாடலுக்குக் காட்டுவீர்களா?" என்பது வேறு கேள்வி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: "உங்கள் ஆட்கள் யாராவது கண்ணால் பார்ப்பார்களா?" இதைக் கேட்பவர்கள் குறைவு.

கிழிஞ்சு போன கருப்பு வெள்ளைப் படம் அவங்களுக்கு எதுக்கு?

நியாயமான கேள்விதான். கலர் போடும் மாடலைப் பழக்குவதற்குக் கருப்பு வெள்ளைப் படம் அவ்வளவாக உதவாது. நல்ல கலர்ப் படத்தை எடுத்து, கலரை நீக்கி, மாடலிடம் கொடுத்து யூகிக்கச் சொல்வார்கள். சரியான விடை கையில் இருப்பதால் எவ்வளவு தப்பியது என்று அளக்கலாம். கிழிசல், மங்கல் எல்லாமும் அப்படித்தான். நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுத்து, சரிசெய்யச் சொல்லிப் பழக்குவார்கள். உங்கள் ஐயா படத்துக்கு அந்த 'சரியான விடை' யாரிடமும் இல்லை.

ஆனால் வேறு இரண்டு விதத்தில் அது பயன்படும். ஒன்று, முகம். முகத்தை அடையாளம் காணும் மாடலுக்கு எந்தக் காலத்து முகமும் தீனிதான். ஒரே ஆளின் இளவயதுப் படமும் முதுமைப் படமும் ஒரே கணக்கிலிருந்து வந்தால் இன்னும் விசேஷம். இரண்டு, உங்கள் தேர்வு. ஆப் நாலு மாதிரி காட்டுகிறது, நீங்கள் ஒன்றை டவுன்லோடு செய்கிறீர்கள், அல்லது கட்டைவிரல் படம் போட்ட பட்டனை அமுக்குகிறீர்கள். எது நன்றாக வந்தது என்று நீங்களே மார்க் போட்டுக் கொடுத்தாயிற்று. அப்புறம், பலரும் ஐயா படத்தோடு நிற்பதில்லை. அடுத்து பேத்தி படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். அது தெளிவான கலர்ப் படம்.

பாலிசின்னு இருபது பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு. எங்க ஆரம்பிச்சுப் படிக்கறது?

மேலிருந்து படிக்காதீர்கள். முதல் இரண்டு பக்கம் "உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்" என்ற ரகம்தான். ஆப்பின் ப்ளே ஸ்டோர் பக்கத்தில் பிரைவசி பாலிசிக்கு லிங்க் இருக்கும். அதை பிரவுசரில் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியில் வார்த்தைகளைப் போட்டுத் தேடுங்கள். `retain` என்று தேடினால் எத்தனை நாள் வைப்பார்கள் என்பது வரும். `delete` போட்டால் அழிக்கும் வழியும், அழித்த பிறகும் எதை வைத்துக்கொள்வார்கள் என்பதும் வரும். `train`, `machine learning`, `improve` மூன்றும் ட்ரெய்னிங்குக்கு. `biometric`, `face` இரண்டும் முகத்துக்கு. `review` போட்டால் ஆட்கள் பார்ப்பார்களா என்பது தெரியவரும்.

இது பாதிதான். பிரைவசி பாலிசி தவிர Terms என்று இன்னொரு ஆவணம் இருக்கும். அதில் `license` என்று தேடுங்கள். பாலிசியில் பட்டும் படாமலும் சொன்னது அங்கே பச்சையாக இருக்கும். இரண்டிலும் மேலே தேதி போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளே ஸ்டோரில் "Data safety" என்று ஒரு சுருக்கம் காட்டுவார்கள். அது ஆப் செய்தவர் தாமே நிரப்பிக் கொடுத்த படிவம். பாலிசியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தேடிப் பாத்தேன் அண்ணே, 'train'ங்கிற வார்த்தையே வரலை. அப்ப நிம்மதிதானே?

அந்த வார்த்தை வராமலே அந்த வேலையைச் செய்யலாம். ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒரு கலர் ஆப்பின் பாலிசியில் இந்த நாலு வாக்கியமும் நாலு இடத்தில் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் ஏற்றும் படங்களை 30 நாளில் அழித்துவிடுவோம்." "சேவையை வழங்கவும் மேம்படுத்தவும், புதிய வசதிகளை உருவாக்கவும் உங்கள் உள்ளடக்கத்தைப் பயன்படுத்துவோம்." "அடையாளம் நீக்கப்பட்ட தரவை வரம்பின்றி வைத்திருக்கலாம்." "உங்கள் படங்களை யாருக்கும் விற்பதில்லை."

தனித்தனியாகப் படித்தால் எல்லாம் நல்லபிள்ளை வாக்கியங்கள். சேர்த்துப் படியுங்கள். 'மேம்படுத்த', 'புதிய வசதிகளை உருவாக்க' என்ற இரண்டு சொற்களுக்குள் ட்ரெய்னிங் தாராளமாக அடங்கும். படம் 30 நாளில் போய்விடும், சரி. ஆனால் படத்திலிருந்து எடுத்த முக அளவுகளை, பெயரையும் கணக்கையும் நீக்கிவிட்டு, 'அடையாளம் நீக்கப்பட்ட தரவு' என்று வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. முகத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை என்பதற்காக அது அடையாளம் இல்லாமல் போய்விடுமா? விற்பதில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். தாங்களே பயன்படுத்துவதற்கு யாருக்கும் விற்க வேண்டியதில்லையே.

நல்ல பாலிசி எப்படி இருக்கும் என்றால், மறுப்பை நேரடியாகச் சொல்லும்: "நீங்கள் ஏற்றும் படங்களை மாடல்களைப் பழக்கப் பயன்படுத்துவதில்லை." அல்லது "நீங்கள் தனியாக அனுமதி கொடுத்தால் மட்டுமே பயன்படுத்துவோம்." இந்த மாதிரி ஒரு வாக்கியம் எங்கும் கிடைக்கவில்லை, 'மேம்படுத்த' மட்டும் இருக்கிறது என்றால், ட்ரெய்னிங் உண்டு என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

'வேர்ல்ட்வைடு, ராயல்டி ஃப்ரீ லைசென்ஸ்'னு போட்டிருக்கே, எங்க குடும்பப் படம் அவங்க சொத்தாயிருமா?

ஆகாது. உரிமை உங்களிடமே இருக்கும். பயன்படுத்த அனுமதி மட்டும் அவர்களுக்குப் போகிறது. படத்தைச் சர்வரில் வைக்க, நகல் எடுக்க, உங்களுக்கே திருப்பிக் காட்ட ஓர் அனுமதி சட்டப்படி வேண்டும் என்பதால் எல்லோரும் இந்த வாசகத்தைப் போடுவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் 'எதற்காக', 'எதுவரை' என்ற இரண்டையும் பாருங்கள். 'சேவையை நடத்துவதற்காக மட்டும், நீங்கள் அழிக்கும்வரை' என்றிருந்தால் சரி. 'எந்த நோக்கத்துக்கும், நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாத' என்றிருந்தால் வேறு ஆப் பாருங்கள்.

2025 ஜூலையில் வீட்ரான்ஸ்ஃபர் நிறுவனம் தன் நிபந்தனையில் இந்த லைசென்ஸ் பத்தியைத் திருத்தி, மெஷின் லேர்னிங் மாடல்களின் திறனை மேம்படுத்துவதையும் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பெரிய கோப்புகளை அனுப்ப ஃபோட்டோக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சேவை அது. எதிர்ப்பு கிளம்பியதும், வாடிக்கையாளர் கோப்புகளை ஏஐ பழக்கப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பிரச்சினை அத்தனையும் ஒரே பத்தியில், ஒரே வரியில் இருந்தது. `license` என்று தேடச் சொன்னது இதனால்தான்.

சும்மா பயமுறுத்தறீங்க. நெஜமா எங்கயாச்சும் இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் எவரால்பம் என்ற நிறுவனம் 'எவர்' என்று ஓர் ஆப் வைத்திருந்தது. போனில் இருக்கும் படங்களைச் சேமித்து அடுக்கித் தரும் ஆப். 2017-இல் 'ஃப்ரண்ட்ஸ்' என்று ஒரு வசதி வந்தது. முகத்தைப் பார்த்து ஒரே ஆளின் படங்களை ஒன்றுசேர்க்கும். நீங்கள் ஆன் செய்தால் மட்டுமே முகத்தைப் பார்ப்போம் என்று உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே ஆன் ஆகியிருந்தது, அணைக்கவும் வழியில்லை. உள்ளே இன்னொரு வேலையும் நடந்தது. பயனர் படங்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களைப் பிரித்தெடுத்து, பொதுவில் கிடைக்கும் முகத் தொகுப்புகளோடு சேர்த்து, முகம் அறியும் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். கணக்கை மூடினால் படங்களை அழித்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். குறைந்தது 2019 அக்டோபர் வரை அப்படி எதையும் அழிக்கவில்லை.

2021 ஜனவரியில் அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் எஃப்டிசி ஆணையம் இதில் முடிவை அறிவித்தது. கணக்கை மூடியவர்களின் படங்களை மட்டும் அல்ல, அனுமதி இல்லாமல் எடுத்த முக அளவுகளையும், அந்தப் படங்களைக் கொண்டு உருவாக்கிய மாடல்களையும் அழிக்க வேண்டும் என்றது. இரண்டாவது கேள்வியில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது என்பதால், மாடலையே குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார்கள்.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். போதும்ல?

போதாது. ஆப் போனதே தவிர கணக்கு அப்படியேதான் இருக்கிறது. வரிசை இப்படி: முதலில் ஆப்புக்குள் போய் ஏற்றிய படங்களையும் வந்த படங்களையும் அழியுங்கள். பிறகு செட்டிங்ஸில் கணக்கை அழியுங்கள். கடைசியில்தான் அன்இன்ஸ்டால். கணக்கை அழிக்கும்போது 'டீஆக்டிவேட்' என்ற சொல் வந்தால் நிறுத்திப் படியுங்கள். அது பெரும்பாலும் பூட்டி வைப்பதுதான், அழிப்பது இல்லை.

இதற்குப் பிறகும் பேக்கப்பில் இருப்பது போகக் கொஞ்ச நாள் ஆகும். நல்ல நிறுவனம் அந்த நாள் கணக்கைப் பாலிசியில் எழுதியிருக்கும். நீதிமன்றம் சொன்னால் அந்தக் கணக்கும் மாறும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ மீது நியூயார்க் டைம்ஸ் போட்ட வழக்கில், 2025-இல் சில மாதங்களுக்கு, பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு இருந்தது. 'சட்டம் கோரினால் தவிர' என்று பாலிசியில் வரும் அந்தச் சின்ன வாக்கியத்துக்கு அர்த்தம் இதுதான்.

நான் தனி ஆப் எதுவும் போடலை. சாட்ஜிபிடி, ஜெமினிலதான் போட்டேன். அதுல எப்படி?

இவற்றில் செட்டிங் வெளிப்படையாக இருக்கிறது, ஆனால் நீங்களாகத் தேடிப் போய் மாற்ற வேண்டும். சாட்ஜிபிடியின் சாதாரணக் கணக்கில் Settings, அதற்குள் Data controls, அதற்குள் "Improve the model for everyone" என்று ஒரு ஸ்விட்ச். ஆன் ஆகியிருந்தால் நீங்கள் ஏற்றும் படங்களும் ட்ரெய்னிங்குக்குப் போகலாம். அணைத்துவிட்டால் அதன் பின் தொடங்கும் உரையாடல்கள் போகாது. ஏற்கெனவே போனது போனதுதான். இன்னொன்று: அணைத்து வைத்திருந்தாலும், பதிலுக்குக் கட்டைவிரல் பட்டனை அமுக்கினால் அந்த உரையாடலைப் பயன்படுத்த அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பலருக்கு இது தெரியாது.

ஜெமினியில் செயல்பாட்டுப் பதிவை வைக்கும் செட்டிங்கை அணைக்கலாம். அணைத்தாலும் சேவையை நடத்த 72 மணி நேரம் வரை வைத்திருப்பார்கள். ஆன் ஆகியிருக்கும்போது சில உரையாடல்களை ஆட்கள் பார்த்துச் சரிபார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவை கணக்கிலிருந்து துண்டிக்கப்பட்டு மூன்று வருஷம் வரை இருக்கும். நீங்கள் உங்கள் பக்கத்தில் அழித்தாலும் அவை அழியாது. மேலே 'மூன்றாவது கேள்வி' என்று சொன்னேனே, அதற்கு இங்கே எழுத்திலேயே பதில் இருக்கிறது.

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டாலும் இதே கதைதானா?

குரூப்பில் போடும் படம் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கும். இடையில் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்தால் பார்க்க முடியாது. ஆனால் அதே குரூப்பில் யாராவது மெட்டா ஏஐயை அழைத்து, "இதைக் கலர் ஆக்கு" என்று படத்தைக் கொடுத்தால், அதற்குக் கொடுத்த படம் நிறுவனத்துக்குப் போகிறது. ஃபேஸ்புக்கில் 'பப்ளிக்' என்று வைத்துப் போட்டால் அது வேறு கணக்கு. 18 வயது தாண்டியவர்கள் பொதுவில் போடும் படங்களையும் பதிவுகளையும் ஏஐ பழக்கப் பயன்படுத்துவதாக மெட்டாவே சொல்கிறது.

படத்துல இருக்கற ஐயா காலமாகிட்டாங்க. இனி யாருக்கு என்ன நஷ்டம்?

படத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஐயா மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆச்சியாக இருக்கலாம். கல்யாணப் படம் என்றால் கேட்கவே வேண்டாம், வளவு நிறைய ஆட்கள்.

இன்னொரு விஷயம் படத்துக்கு வெளியே இருக்கிறது. சுவரில் மாட்டிய படத்தை அங்கேயே நின்று மொபைலில் எடுக்கிறீர்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் அந்த வீடு இருக்கும் இடம் கோப்புக்குள் எழுதப்படும். படச் சட்டத்தைச் சுற்றி தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் தெரியும். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது தேவையா? கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், படத்தின் ஓரம் வரை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். ஆப் கேலரி அனுமதி கேட்டால் எல்லாப் படங்களையும் திறந்துவிடாமல், தேர்ந்தெடுத்த படம் மட்டும் என்பதைக் கொடுங்கள். புது ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐஃபோனிலும் அந்த வசதி இருக்கிறது.

ஆப் கம்பெனி 'நாங்க ட்ரெய்ன் பண்ணலை'ன்னு தெளிவா எழுதியிருக்கு. ஆனா உள்ள வேற கம்பெனியோட ஏஐதான் ஓடுதாம். அப்ப யார் பாலிசி செல்லும்?

இரண்டும். சின்ன ஆப்களில் பல, படத்தை வாங்கிப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, வந்ததை உங்களுக்குக் காட்டுகின்றன. பாலிசியில் `third part` அல்லது `service provider` என்று தேடினால் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று ஓரளவு தெரியும். `third part` என்று பாதியில் நிறுத்தித் தேடினால் ஒருமை, பன்மை இரண்டும் மாட்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பெரிய நிறுவனங்கள் தொழில் வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் விதி, நம்மைப் போன்ற சாதாரணப் பயனருக்கு வைத்திருப்பதை விடக் கண்டிப்பானது. உதாரணமாக, ஓபன்ஏஐ 2023 மார்ச்சிலிருந்து, மற்ற ஆப்கள் தன் ஏஐயோடு இணையும் ஏபிஐ வழியாக வரும் தரவை, வாடிக்கையாளர் தாமாக ஒப்புக்கொண்டால் தவிர, ட்ரெய்னிங்குக்கு எடுப்பதில்லை என்கிறது. ஆக, பின்னால் இருக்கும் பெரிய நிறுவனம் யோக்கியமாக நடந்து, முன்னால் இருக்கும் சின்ன ஆப் தனக்கென்று ஒரு பிரதியை வைத்துக்கொள்வதும் நடக்கலாம். பின்னால் இருப்பவரின் பெயரையே சொல்லாத ஆப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஏத்தாமலே வேலை முடிக்க வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் வேண்டும். அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருள் மங்கிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் தடுமாறும். கலர் போடாது, கிழிசலையும் ஒட்டாது. கிழிசல், கறைக்கு ஜிம்ப் மென்பொருளில் கையால்தான் செய்ய வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். யாருக்காவது ஸ்கேன் செய்யக் கொடுத்தாலும், அவர் எந்தக் கருவியில் வேலை செய்கிறார், கோப்பை எப்போது அழிப்பார் என்று கேளுங்கள். என் கடைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்ம ஊர் சட்டம் ஒண்ணும் உதவாதா? ஏற்கெனவே போட்டுட்டேன், இப்ப அழிக்கச் சொல்ல முடியுமா?

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பார்க்கும் வாய்ப்பையும் தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்த உரிமைகள் உட்பட முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நீங்களே பொதுவில் போட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஃபேஸ்புக்கில் பப்ளிக்காகப் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்துக்காகக் காத்திருக்காமல் இப்போதே மெயில் போடலாம். பாலிசியின் கடைசியில் முகவரி இருக்கும். எந்த மெயில் ஐடியில் கணக்கு, எந்தத் தேதியில் ஏற்றினீர்கள் என்று எழுதி, நாலு விஷயம் கேளுங்கள்: ஏற்றிய படம், வந்த படம், முக அளவுகள் மூன்றையும் அழியுங்கள், பேக்கப்பிலிருந்து எப்போது போகும், ட்ரெய்னிங்குக்கு எடுத்தீர்களா, ஆம் அல்லது இல்லை, வேறு யாருக்கு அனுப்பினீர்கள். ஆதாரம் கேட்டு ஆதார் அட்டையை அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். கணக்கின் மெயிலிலிருந்தே எழுதுகிறேன், அதுவே ஆதாரம் என்று சொல்லுங்கள். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்று மட்டும் பதில் வந்தால், ட்ரெய்னிங் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அதே மெயிலிலேயே திரும்ப எழுதுங்கள்.